சேலத்தில் கறி எடுத்து ஏற்காடு போகிறீர்களா? கெடாமல் கொண்டு சேர்க்கும் வழி

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலத்தில் எந்தக் கறிக்கடைக்குப் போனாலும் சரி, கடைக்காரர் கட்டிக் கொடுக்கும் பொட்டலத்தைக் கையில் வாங்கியதும் ஒரு நிமிடம் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். விடியற்காலையில் அறுத்த ஆடு, உடம்புச் சூடு முழுக்க இறங்காத கறி. கோழி என்றால் இன்னும் மோசம், உங்கள் கண் முன்னால் பிடித்து, அறுத்து, உரித்து, பத்து நிமிடத்துக்குள் கைக்கு வந்துவிடும், அதன் உடம்புச் சூடே 41 டிகிரி பக்கம்.

கறியைக் குளிராகக் கொண்டு போவது பற்றி இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை, ஏற்கெனவே ஃபிரிட்ஜில் இருந்த கறியை வாங்குபவருக்காக எழுதியவை. அவர்களுக்கு வேலை பாதிதான், குளிர்ந்த கறியைச் சூடாகாமல் பார்த்துக்கொண்டால் போதும். நமக்கு அப்படி இல்லை. கறிக்குள் இருக்கும் சூட்டை முதலில் வெளியே எடுக்க வேண்டும், அப்புறம்தான் வெளிச் சூடு உள்ளே போகாமல் தடுக்கும் பேச்சு. இரண்டு ஐஸ் கட்டியைப் பைக்குள் போட்டுவிட்டு "ஐஸ் வச்சுத்தான் கொண்டு வந்தேன், எப்படிக் கெட்டுச்சு" என்று கேட்பவர்களுக்கு நடப்பது இதுதான், அந்த ஐஸ் கறியின் சூட்டை எடுப்பதிலேயே கரைந்து தீர்ந்திருக்கும்.

புதிதாக ஏற்காட்டில் குடியேறியவர்கள், எஸ்டேட் வேலைக்கு வந்தவர்கள், விடுமுறைக்கு வீடு எடுத்துச் சமைத்துச் சாப்பிட நினைப்பவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். சேலத்திலிருந்து மேலே கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. சாதாரண நாளில் ஒரு மணி நேரம், மே மாதம் கோடை விழா சமயத்தில் எவ்வளவு ஆகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

நேரக் கணக்கு

பச்சைக் கறியில் இருக்கும் கிருமிகள் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் பெருகும். அதிலும் 30-லிருந்து 40 வரை அவற்றுக்கு மிகவும் தோதான சூடு, சில வகைக் கிருமிகள் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். அதாவது ஒரு மணி நேரத்தில் ஒன்று எட்டாகும், இரண்டு மணி நேரத்தில் அறுபத்து நான்காகும். ஏப்ரல், மே மாதச் சேலத்து வெயிலும் கறியின் சொந்தச் சூடும் சரியாக இந்த இடத்தில்தான் நிற்கின்றன.

பொதுவாகச் சொல்லப்படும் விதி எளிது. குளிர் இல்லாமல் பச்சைக் கறி வெளியே இருக்கலாம் என்றால் அதிகபட்சம் 2 மணி நேரம். வெளிச் சூடு 32 டிகிரிக்கு மேல் போனால் 1 மணி நேரம்தான். சேலத்தில் பிப்ரவரிக் கடைசியிலிருந்தே பகலில் 32 தாண்டிவிடும், அதனால் கோடை முழுக்க உங்களுக்கு ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு மணி நேரம் எப்போது தொடங்குகிறது? நிறையப் பேர் காரை எடுக்கும்போது என்று நினைக்கிறார்கள். கறியைத் துண்டு போட்ட நேரத்திலிருந்து எண்ண வேண்டும். முழு ஆடாகத் தொங்கும்போது கிருமி பெரும்பாலும் மேல்பரப்பில் மட்டும்தான் இருக்கும், அந்த மேல்பரப்பும் காற்றில் காய்ந்து கொஞ்சம் இறுகியிருக்கும். துண்டு போட்டதும் வெட்டுக் கட்டையிலும் கத்தியிலும் கையிலும் இருப்பதெல்லாம் ஒவ்வொரு துண்டின் ஈரமான புதுப் பக்கத்திலும் ஒட்டிக்கொள்ளும். அதனால் மேசையில் குவித்து வைத்திருக்கும் துண்டுக் கறியை வாங்காதீர்கள், அது எப்போது வெட்டியது என்று உங்களுக்குத் தெரியாது. "அண்ணே, தொங்குறதுல இருந்து வெட்டிக் குடுங்க" என்று கேளுங்கள், எந்தக் கடையிலும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வெட்டி முடித்ததும் கடிகாரத்தைப் பாருங்கள், அதுதான் பூஜ்யம்.

கொத்துக்கறியும் ஈரலும் குடலும் இதில் கடைசிப் படி. கொத்துக்கறியில் மேல்பரப்பு, உள்பரப்பு என்று எதுவுமே கிடையாது, எல்லாம் கலந்துவிட்டது. குடலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவற்றுக்கு ஐஸ் இல்லை என்றால் மலைக்கு எடுத்துப் போகவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

இன்னொன்று, மேலே ஏற ஏறக் காற்று குளிர்கிறதே, பத்தாவது வளைவு தாண்டினால் ஜன்னலைத் திறந்துவிடலாமே என்று தோன்றும். ஏற்காட்டில் வெளியே 24 டிகிரி இருந்தாலும் அது கிருமி பெருகும் எல்லைக்குள்தான். கீழே ஓடிய கடிகாரம் மேலே வந்ததும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்காது.

முந்தைய ராத்திரி

வேலை முந்தைய நாளே தொடங்க வேண்டும், காலையில் எழுந்து ஐஸுக்கு அலைய முடியாது. கணக்கு ஒன்றுதான்: எத்தனை கிலோ கறியோ அத்தனை கிலோ ஐஸ். 3 கிலோ கறி எடுக்கப்போகிறீர்கள் என்றால் 3 லிட்டர் தண்ணீரை உறைய வைத்தாக வேண்டும். ஏன் அவ்வளவு என்றால், 35 டிகிரியில் இருக்கும் 3 கிலோ கறியை 5 டிகிரிக்கு இறக்குவதற்கே ஏறக்குறைய ஒரு கிலோ ஐஸ் கரைந்துவிடும். தெர்மாகோல் பெட்டியின் சுவர் வழியாக உள்ளே வரும் சூட்டுக்கு மணிக்குக் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை போகும். போய்ச் சேரும்போது பெட்டியில் கட்டியாக ஐஸ் மிச்சம் இருந்தாக வேண்டும் என்பதால் மீதி.

எல்லாரும் வாட்டர் பாட்டிலில்தான் உறைய வைப்பார்கள். அது பரவாயில்லை, முக்கால் பாட்டில் மட்டும் நிரப்புங்கள், உறையும்போது தண்ணீர் விரியும். ஆனால் உருண்டை பாட்டில் கறிப் பொட்டலத்தை ஒரு கோட்டில்தான் தொடும். அதைவிட, ஜிப் வைத்த கனமான கவரில் பாதி தண்ணீர் ஊற்றி, காற்றை வெளியேற்றி மூடி, ஃப்ரீசரில் ஒரு தட்டின் மேல் படுக்க வைத்து உறைய வையுங்கள். காலையில் சப்பையான பலகை மாதிரி ஐஸ் கிடைக்கும். கறியின் மேலும் கீழும் முழுப் பரப்பும் படும், குளிர்வது வேகமாக நடக்கும். வீட்டு ஃப்ரீசரில் இவ்வளவு தண்ணீர் உறைய ஒரு ராத்திரி முழுக்க வேண்டும், சில பழைய ஃபிரிட்ஜுக்கு அதுவும் போதாது, அதற்கெல்லாம் முந்தைய நாள் காலையிலேயே வைத்துவிடுங்கள்.

ஃப்ரீசர் இல்லாதவர்கள் மீன் கடையிலோ ஐஸ் கம்பெனியிலோ கட்டி வாங்கலாம், தவறில்லை. ஆனால் அந்த ஐஸ் குடிக்கிற தண்ணீரில் செய்தது என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. கறியில் நேராகப் படவிடாமல், உடைத்து, தனிக் கவரில் கட்டி வையுங்கள்.

பெட்டிக்குப் பெரிய செலவு வேண்டாம். மருந்துக் கடைக்கும் மீன் கடைக்கும் வரும் தெர்மாகோல் பெட்டி போதும், மூடி சரியாக உட்கார வேண்டும், அவ்வளவுதான். பெட்டி கறியின் அளவுக்குப் பொருத்தமாக இருக்கட்டும், பாதி காலியாக இருந்தால் அந்த இடத்தில் சூடான காற்று நிற்கும். பழைய செய்தித்தாளைக் கசக்கி அந்த இடத்தை அடைத்துவிடுங்கள்.

கறி வைக்க, இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பா கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு, உலோகம் சூட்டைச் சீக்கிரம் கடத்தும். உயரமான தூக்குப் போசி வேண்டாம், அகலமான, உயரம் குறைந்த டப்பாவாகப் பாருங்கள். இல்லையென்றால் ஜிப் கவர்.

கடையில்

மற்ற சாமான் எல்லாம் வாங்கி முடித்த பிறகு கறி. கொத்தமல்லி, புதினா, தேங்காய், தயிர் எல்லாம் முதலில், கறி கடைசி. இதைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் அதிகம், கூட்டம் சேர்வதற்குள் கறி எடுத்துவிடலாம் என்று ஆறு மணிக்குக் கறிக் கடையில் நின்றுவிட்டு, அப்புறம் அதே பையோடு உழவர் சந்தைக்குப் போய் அரை மணி நேரம் காய்கறி பொறுக்குவார்கள். கூட்டத்துக்குப் பயந்தால் வேறு ஒருவரைக் காய்கறிக்கு அனுப்புங்கள்.

ஐஸ் பெட்டியைக் கடை வாசல் வரை கொண்டு வாருங்கள். வெட்டி எடை போட்டதும், அங்கேயே, அரைக் கிலோ அரைக் கிலோவாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கவருக்குள் கையால் தட்டிப் பரப்பி, இரண்டு விரல் தடிமனுக்கு மேல் போகாமல் சப்பையாக்குங்கள். நான் இதில் இத்தனை பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தடிமன் இரண்டு மடங்கானால் நடுவில் குளிர நான்கு மடங்கு நேரம் ஆகும். மூன்று சென்டிமீட்டர் தடிமனில் பரப்பிய கறி, ஐஸுக்கு நடுவில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் நன்றாகக் குளிர்ந்துவிடும். அதே கறியை மூன்று கிலோ உருண்டையாக ஒரே கறுப்புக் கவரில் கட்டி ஐஸ் மேல் வைத்தால் வெளிப்பக்கம் சில்லென்று இருக்கும், நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பு அப்படியே நிற்கும். தொட்டுப் பார்த்து ஏமாறுவதும் இங்கேதான், வெளியே தொட்டுவிட்டு நல்லாக் குளிர்ந்திருக்கு என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

அடுக்குவது இப்படி: அடியில் ஒரு ஐஸ் பலகை, அதன்மேல் ஒரு வரிசை கறி, அதன்மேல் ஐஸ், மறுபடி கறி, உச்சியில் கட்டாயம் ஐஸ். குளிர்ந்த காற்று கீழேதான் இறங்கும் என்பதால் மேலே ஐஸ் இல்லாத பெட்டியில் மேல் வரிசை குளிராது. ஈரல், கொத்துக்கறி, கோழி இவற்றைத் தனித்தனிக் கவரில் கட்டி, ஐஸ் இரண்டு பக்கமும் படும்படி வையுங்கள். கோழிக் கவர் அடியில் இருக்கட்டும், ஒழுகினால் மற்றதன் மேல் ஒழுகக் கூடாது. மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள்.

கடையில் கறியைக் கழுவித் தரச் சொல்லாதீர்கள். தண்ணீர் பட்ட கறி கிருமிக்கு இன்னும் வசதி, அந்தத் தண்ணீர் எதில் பிடித்தது என்பதும் தெரியாது. மஞ்சள் தூளும் உப்பும் தடவிவிட்டால் தாங்கும் என்று சிலர் சொல்வார்கள். உப்புக் கண்டம் போடும் அளவுக்கு உப்பு சேர்த்து வெயிலில் காய வைத்தால் தாங்கும்தான், குழம்புக்குத் தடவும் அளவு மஞ்சளும் உப்பும் உங்களுக்கு ஒரு நிமிடம்கூடக் கூட்டித் தராது.

ஒரு பயணத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஏப்ரல் மாத ஞாயிறு. ஆட்டுக்கறி 2 கிலோ, கோழி 1 கிலோ, ஈரல் கால் கிலோ, ஆக மொத்தம் மூன்றேகால் கிலோ. ஐஸ் பலகை அரைக் கிலோவில் ஏழு. காலை 7 மணிக்கு அஸ்தம்பட்டி பக்கம் ஒரு கடையில் வெட்டி முடிக்கிறார்கள். 7.15-க்குப் பெட்டி மூடியாயிற்று. வழியில் பெட்ரோல், கோரிமேடு தாண்டி அடிவாரம் போகும்போது 7.45. செக்போஸ்ட் வரிசையில் கால் மணி நேரம், 8 மணி. ஐஸ் இல்லாமல் வந்திருந்தால் உங்கள் ஒரு மணி நேரம் இங்கேயே முடிந்தது, இன்னும் முதல் வளைவுகூட வரவில்லை. ஏற்காடு போகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய இடம் அடிவாரம்தான்: ஐஸ் இல்லாத கறி அதற்கு மேல் ஏறக் கூடாது.

பெட்டியில் இருப்பது அந்த நேரத்துக்குள் முக்கால்வாசி குளிர்ந்திருக்கும். மலைப் பாதை முக்கால் மணி, குழந்தைக்குத் தலைசுற்றல் வந்து ஒரு நிறுத்தம் பத்து நிமிடம், ஒண்டிக்கடை வந்து சேர 9 மணி. அங்கிருந்து நாகலூர் பக்கம் உள்ளே போக வேண்டும் என்றால் இன்னும் கொஞ்சம். 9.30-க்கு ஃபிரிட்ஜ். ஏழு பலகையில் ஏறக்குறைய பாதி கட்டியாக மிச்சம் இருக்கும், இருக்க வேண்டும்.

இப்படிச் சரியாக அடுக்கிய பெட்டி எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டால், ஐஸ் கட்டியாக இருந்து கறி 5 டிகிரிக்குக் கீழே இருக்கும் வரை தாங்கும் என்பதுதான் சரியான பதில். புதியவர்கள் 4 மணி நேரத்தை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போகும் என்று தெரிந்தால் ஐஸைக் கூட்டுங்கள்.

காரில் பெட்டியை டிக்கியில் வைக்காதீர்கள். ஏசி அங்கே எட்டாது, வெயிலில் நிறுத்திய காரின் உள்சூடு 50 டிகிரியைத் தாண்டும். முன் சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கும் இடத்தில் வையுங்கள், வளைவுகளில் சாயாது, வெயிலும் படாது. வழியில் வியூ பாயிண்டில் இறங்கினால் நிழல் பார்த்து நிறுத்துங்கள், மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை மட்டும் அடக்குங்கள், திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் குளிர் வெளியே போகும்.

ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சீட்டுக்கு அடியில் இருக்கும் டிக்கி எஞ்சினுக்கு நேர் மேலே இருக்கிறது, மலை ஏறும்போது எஞ்சின் இன்னும் சூடாகும். கறியை அதில் வைப்பது அடுப்பில் வைக்கிற மாதிரிதான். ஹேண்டிலில் கவரைத் தொங்கவிடுவதும் வேண்டாம், வெயிலும் சூடான காற்றும் நேராகப் படும். சின்னத் தெர்மாகோல் பெட்டியைப் பின் சீட்டில் கட்டிக்கொண்டு, ஒரு கிலோவுக்கு மேல் எடுக்காமல் போங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் பெட்டியைக் காலடியில் வைக்கும்போது எஞ்சின் பக்கம் உட்கார வேண்டாம்.

போய்ச் சேர்ந்ததும்

மூடியைத் திறந்ததும் முதலில் ஐஸைப் பாருங்கள். கட்டி மிச்சம் இருக்கிறதா? அப்புறம் நடு வரிசையிலிருந்து ஒரு கவரை எடுத்து, இரண்டாக மடித்து உள்பக்கத்தைத் தொடுங்கள், ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த பாட்டில் மாதிரி சில்லிட வேண்டும். அடிக்கடி மலைக்குக் கறி கொண்டு போகிறவர் என்றால் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், 5 என்றோ அதற்குக் கீழோ காட்டினால் நிம்மதி.

ஐஸ் முழுக்கக் கரைந்து, தண்ணீரும் வெதுவெதுப்பாகி, கறியும் சில்லென்று இல்லை என்றால், ஐஸே வைக்காமல் வந்தது போலத்தான் கணக்கு. வெட்டி ஒரு மணி நேரத்துக்குள் என்றால் உடனே அடுப்பில் ஏற்றுங்கள். அதற்கு மேல் ஆகியிருந்தால் தூக்கிப் போடுங்கள். மனசு வராது, எனக்குத் தெரியும், ஆட்டுக்கறி விற்கிற விலைக்கு. "நல்லா வேக வச்சா எல்லாம் செத்துடும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். கிருமி செத்துவிடும், உண்மைதான், ஆனால் ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் பெருகும்போது விடும் நஞ்சு கொதித்தாலும் அழியாது. அது சேர்ந்த கறியை எத்தனை விசில் விட்டாலும் சாப்பிட்டவர்கள் சில மணி நேரத்துக்குள் வாந்தி எடுப்பார்கள்.

வாசனையை நம்பியும் முடிவு செய்யாதீர்கள். புளித்த வாடை, பிசுபிசுப்பு, வழவழப்பு இருந்தால் கெட்டுவிட்டது என்பது நிச்சயம். அவை இல்லை என்பதால் நல்ல கறி என்று ஆகிவிடாது, நோய் தரும் கிருமிகள் பலவற்றுக்கு வாசனையே கிடையாது.

ஒரு குறை உண்மையாகவே உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக அறுத்த ஆட்டுக்கறியை உடனே ஐஸில் வைத்தால் கறி விறைத்து நாராகிவிடும் என்று கறிக்கடையில் சொல்வார்கள். அது வெறும் பேச்சு இல்லை. அறுத்துச் சில மணி நேரத்துக்குள், தசை இறுகி முடிவதற்கு முன்னால், 10 டிகிரிக்குக் கீழே கொண்டு போனால் தசை சுருங்கி, கறி கொஞ்சம் கடினமாகும். வறுவலுக்கு இது தெரியும். குக்கரில் இரண்டு விசில் கூட வைத்தால் குழம்பில் பெரிதாகத் தெரியாது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு, நாற்பது டிகிரி வெயிலில், நான் மெத்தென்ற கறியைவிடக் கெடாத கறியைத்தான் எடுப்பேன். மெத்தென்றுதான் வேண்டும் என்றால் ஏற்காட்டிலேயே வாங்கி உடனே சமையுங்கள்.

ஃபிரிட்ஜில் வைக்கும்போதும் சப்பைக் கவர்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காமல், கீழ்த் தட்டில், ஒரு தட்டத்தின் மேல் பரப்பி வையுங்கள். கொத்துக்கறி, ஈரல், கோழி மறுநாளுக்குள் சமைத்துவிட வேண்டும். ஆட்டுக்கறித் துண்டு இரண்டு நாள், அதற்கு மேல் வேண்டும் என்றால் வந்த அன்றே ஃப்ரீசருக்குப் போகட்டும். அன்றைக்குப் பார்த்து மலையில் கரண்ட் இல்லை என்றால் கறியைப் பெட்டியிலிருந்து எடுக்கவே வேண்டாம், மிச்ச ஐஸோடு மூடியபடி இருக்கட்டும், ஐஸ் கட்டி தீர்வதற்குள் சமைத்துவிடுங்கள்.

பெட்டியில் தேங்கிய தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாமல் வெளியே ஊற்றுங்கள், கறித் தண்ணீர் கலந்திருக்கும். அப்புறம் சோப்புத் தண்ணீரில் பெட்டியைக் கழுவி, மூடி போடாமல் வெயிலில் காய வைத்து எடுத்து வையுங்கள். ஐஸ் பலகைக் கவர்களில் ஓட்டை விழாதவற்றைக் கழுவித் துடைத்து மறுபடி ஃப்ரீசரிலேயே போட்டு வைத்துவிட்டால், அடுத்த முறைக்கு ஐஸ் தயாராக இருக்கும்.